கயிறு தாண்டும் சிறுமியின் கதை: கெண்டைக்கால் எப்போது வேலை செய்யத் தொடங்குகிறது?

கேள்வி: பத்து வயதுக் கிராமத்துச் சிறுமி ஒருத்தி கயிறு தாண்டப் பழகுவதைச் சிறுகதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பலமாகக் குதிப்பதில் ஒன்றுமில்லை, கெண்டைக்காலும் தாளமும்தான் வேலையைச் செய்கின்றன என்பதை யாரும் சொல்லாமல் அவளே கண்டுபிடிக்க வேண்டும். உடலில் உண்மையில் என்ன நடக்கிறது? அந்தக் கண்டுபிடிப்பு எந்த இடத்தில் வரும்?

பதில்: 22 ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி சொல்லிக்கொடுத்து வருகிறேன். கயிறு தாண்டப் பழகும் குழந்தைகளைப் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கெண்டைக்கால் என்றும் தாளம் என்றும் நீங்கள் பிரித்து வைத்திருக்கும் இரண்டும் உடலுக்குள் பிரிந்து கிடப்பவை அல்ல. தாளம் விட்டுப்போனால் கெண்டைக்காலால் தன் வேலையைச் சிக்கனமாகச் செய்ய முடியாது. கெண்டைக்கால் துள்ளாவிட்டால் தாளமும் நிற்காது. எனவே கதையில் இரண்டு கண்டுபிடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்க வேண்டாம். ஒன்றே போதும், அது காதில் தொடங்கிக் காலில் போய் முடிந்தால் உண்மைக்கு மிக அருகில் இருக்கும்.

முதல் நாள் அவள் எப்படித் தவறுவாள் என்பதிலிருந்து பார்ப்போம், ஏனென்றால் கதைக்கு வேண்டிய பெரும்பகுதி அந்தத் தவறில்தான் இருக்கிறது. புதிதாகக் கயிறு பிடிக்கும் பிள்ளை அனேகமாக எப்போதுமே அளவுக்கு மீறி உயரமாகக் குதிக்கும். கயிற்றைத் தலைக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுவரும், அது முன்னால் விழுவதைக் கண்ணால் பார்க்கும், முழங்காலை மடக்கி எம்பும், தொப்பென்று முழுப் பாதத்தில் இறங்கும், நிமிர்ந்து நிற்கும், பிறகு மறுபடியும் கயிற்றைத் தூக்கும். ஒவ்வொரு தாண்டலும் தனித்தனி முயற்சியாக இருக்கும். ஏழெட்டுத் தாண்டலிலேயே மூச்சு வாங்கும், தொடை கனக்கும். தன் காலில் பலம் போதவில்லை என்றுதான் அந்தப் பிள்ளை நினைக்கும். நானும் வேலைக்குச் சேர்ந்த தொடக்கத்தில் "இன்னும் உயரமாகக் குதி" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தவறான அறிவுரை. அதனால் சில பிள்ளைகள் தேவையில்லாமல் களைத்துப்போனதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

உயரம் ஏன் தேவையில்லை என்பதைச் சிறு கணக்கில் பார்த்துவிடலாம். ஒருவர் எவ்வளவு நேரம் காற்றில் இருப்பார் என்பதை அவர் எழும்பும் உயரம் மட்டுமே முடிவு செய்கிறது. 15 சென்டிமீட்டர் எழும்பினால் ஏறக்குறைய 0.35 நொடி காற்றில் இருக்கலாம். 3 சென்டிமீட்டர் எழும்பினால் ஏறக்குறைய 0.16 நொடி. கயிறு பாதத்துக்கு அடியில் கடந்துபோக எடுத்துக்கொள்ளும் நேரமோ இவ்விரண்டையும்விட மிகக் குறைவு. நிமிடத்துக்கு 60 சுற்று என்ற மெதுவான வேகத்தில்கூடக் கயிற்றின் அடிப்பகுதி நொடிக்கு 5 மீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையை ஒட்டி வருகிறது. ஒரு சிறுமியின் பாத நீளத்தைக் கடக்க அதற்கு நொடியின் இருபதில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. அவ்வளவு குறுகிய இடைவெளிக்காக 15 சென்டிமீட்டர் எழும்புபவள், 3 சென்டிமீட்டர் எழும்புபவளைப்போல ஐந்து மடங்கு உயரத்துக்குத் தன் உடலை ஒவ்வொரு முறையும் தூக்குகிறாள்.

சரி, குறைவாகக் குதித்தால் போதுமென்று யாராவது சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா என்றால், தீராது. குறைவாகக் குதிப்பவளுக்குப் பிழைபொறுக்கும் நேரமும் குறைந்துவிடுகிறது. 0.35 நொடி காற்றில் இருப்பவள் கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் தப்பித்துக்கொள்வாள். 0.16 நொடி மட்டுமே இருப்பவள் சரியான நேரத்தில் எழும்பியே ஆக வேண்டும். ஆகவே, உயரமாகக் குதிப்பதைப் பிள்ளையின் முட்டாள்தனமாகக் காட்டிவிடாதீர்கள். கயிறு எப்போது வரும் என்று தெரியாதபோது, அதிக நேரம் காற்றில் இருப்பது ஒரு பாதுகாப்பு. தாளம் பிடிபட்ட பிறகுதான் அந்தப் பாதுகாப்பு தேவையற்றதாகிறது.

இனிக் கண்ணைப் பற்றி. கயிறு எந்த இடத்தில் இருக்கும்போது அவள் காலை உந்தத் தொடங்க வேண்டும் என்று கணக்கிட்டால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. நிமிடத்துக்கு 60 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஒரு நொடி. கயிறு பாதத்தைக் கடக்கும்போது அவள் தன் குதிப்பின் உச்சத்தில் இருக்க வேண்டுமென்றால், அதற்கு ஏறக்குறைய 0.17 நொடிக்கு முன்பே தரையை விட்டிருக்க வேண்டும். முழங்காலை மடக்கி உந்தி எழ அதற்கும் முன்னால் ஏறக்குறைய 0.3 நொடி வேண்டும். இரண்டையும் கூட்டினால் அரை நொடி, அதாவது அரைச் சுற்று. அவள் உந்தத் தொடங்கும் நேரத்தில் கயிறு அவளுடைய தலைக்கு மேலே இருக்கிறது. அங்கே அது கண்ணுக்குத் தெரியாது. கயிறு கண்முன்னால் இறங்கி வருவதைப் பார்த்த பிறகு குதிக்க முடிவெடுத்தால், மீதமிருப்பது கால் சுற்று, கால் நொடி மட்டுமே. கண்ணால் கண்டதற்கு உடல் அசைந்து கொடுக்கவே ஏறக்குறைய 0.2 நொடி ஆகிவிடும். ஆகவே கயிற்றைப் பார்த்துக் குதிப்பது என்பது நடக்காத காரியம். வெற்றிகரமாகத் தாண்டும் எவரும் கயிற்றைப் பார்த்துத் தாண்டுவதில்லை. அது எப்போது வரும் என்பதை முன்கூட்டியே அறிந்து தாண்டுகிறார்கள். அப்படி முன்கூட்டி அறிய ஒரே வழி, அது ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதுதான். தாளம் என்று நாம் சொல்வது இங்கே ஒரு கடிகாரத்தின் வேலையைச் செய்கிறது.

இப்போது கெண்டைக்காலுக்கு வருகிறேன். முழங்காலுக்குக் கீழே பின்புறம் திரண்டிருக்கும் தசையின் வடிவம் கெண்டை மீனைப்போல இருப்பதால் அதைக் கெண்டைக்கால் என்று சொல்வார்கள். அங்கே முக்கியமாக இரண்டு தசைகள் உள்ளன. வெளியே தெரிவது இரட்டைத் திரட்சியாக முழங்காலுக்கு மேலிருந்து தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாக இன்னொன்று இருக்கிறது. இரண்டும் கீழே இறங்கி ஒரே தசைநாணாகச் சேர்ந்து குதிகால் எலும்பில் பொருந்துகின்றன. உடலிலேயே தடித்த, வலிமையான தசைநாண் அதுதான். நாண் என்ற சொல் வில்லில் பூட்டும் கயிற்றையும் குறிக்கும் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் அமைந்திருக்க முடியாது.

முன்பாதத்தில் இறங்கும்போது குதிகால் தரையை நோக்கித் தாழ்கிறது, கணுக்கால் மடங்குகிறது, அந்த நாண் இழுபடுகிறது. கெண்டைக்கால் தசை அந்த நேரத்தில் விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விழுந்த வேகத்தின் ஒரு பகுதி நாணுக்குள் சேமிக்கப்பட்டு, அது சுருங்கும்போது உடலை மேலே தள்ளிவிடுகிறது. தனக்குள் சேமித்ததில் பெரும்பகுதியை நாண் திருப்பிக் கொடுத்துவிடும். வெப்பமாக வீணாவது சிறிதளவே. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இறங்கியவுடனே எழ வேண்டும். இறங்கி, குதிகாலைத் தரையில் ஊன்றி, நிமிர்ந்து நின்றுவிட்டால் நாண் தளர்ந்துபோகிறது; சேமித்தது அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அடுத்த தாண்டலுக்குத் தசை முதலிலிருந்து உழைக்க வேண்டும்.

முதல் நாள் சிறுமியை இந்தக் கண்ணோட்டத்தில் மறுபடி பாருங்கள். அவள் 0.35 நொடி காற்றில் இருக்கிறாள், மீதி 0.65 நொடி தரையில் நிற்கிறாள். அந்த 0.65 நொடியில் அவளுடைய கால் தந்திருக்கக்கூடிய துள்ளல் முழுவதும் ஒவ்வொரு முறையும் கைவிட்டுப் போகிறது. மெதுவாகச் சுற்றினால் எளிது என்று நினைத்து அவள் கயிற்றை இன்னும் மெதுவாகச் சுற்றுவாள். நிலைமை இன்னும் மோசமாகும். ஒரே இடத்தில் நின்று துள்ளும் பெரியவர்களை அவர்கள் விருப்பத்துக்கு விட்டால், நொடிக்கு இரண்டு முறைக்குச் சற்று மேலான ஒரு வேகத்துக்கு வந்து சேர்கிறார்கள் என்பது ஆய்வுகளில் நன்கு காணப்பட்ட ஒன்று. எடை குறைந்த குழந்தைகள் அதைவிடச் சற்று விரைவாகத் துள்ளுவதையே நான் பார்த்திருக்கிறேன். கயிற்றை நிமிடத்துக்கு 120 முறைக்கு மேல் சுற்றினால்தான் கயிற்றின் தாளமும் காலின் தாளமும் பொருந்துகின்றன. புதிதாகப் பழகும் பிள்ளையின் கை அந்த வேகத்தில் சுற்றாது. கைக்கு 60, காலுக்கு 120 என்ற இந்த இடைவெளிதான் உங்கள் கதையின் உண்மையான முடிச்சு.

அந்த முடிச்சைப் பிள்ளைகள் தாங்களாகவே அவிழ்ப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு தாண்டல்களுக்கு நடுவே ஒரு குட்டித் துள்ளல் வந்து சேரும். கயிறு காலடியில் போகும்போது ஒரு தாண்டல். அது தலைக்கு மேல் போகும்போது, தேவையே இல்லாமல், பாதம் தரையைவிட்டுச் சற்றே கிளம்பும்படி இன்னொரு சின்னத் துள்ளல். கை நிமிடத்துக்கு 60 முறைதான் சுற்றுகிறது, கால் 120 முறை துள்ளிவிடுகிறது. நிற்கும் நேரம் மறைந்துபோகிறது. நாண் தளர வாய்ப்பில்லாமல் அடுத்தடுத்து இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. கெண்டைக்கால் வேலையை ஏற்றுக்கொள்வது அந்தக் குட்டித் துள்ளலில்தான். கண்டுபிடிப்பை எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டீர்கள். என் பதில் இதுதான்: பெரிய தாண்டலில் வைக்காதீர்கள், கயிறு இல்லாத அந்த நடுத் துள்ளலில் வையுங்கள்.

அது தானாக எப்படி வரும் என்பதை ஒரு மாணவியின் கதையைச் சொல்லி விளக்குகிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, மெலிந்த உடல், நன்றாக ஓடக்கூடியவள். நான்கு நாட்களாக மூன்று தாண்டலுக்கு மேல் போகவில்லை. நான் கயிற்றின் இரண்டு முனைகளையும் அவளுடைய ஒரே கையில் கொடுத்து, உடலுக்குப் பக்கவாட்டில் சுற்றச் சொன்னேன். தாண்ட வேண்டாம், சத்தத்தை மட்டும் கேள் என்றேன். கயிறு தரையில் "சட், சட்" என்று அடித்தது. சிறிது நேரம் நின்று கேட்டவள், நான் எதுவும் சொல்லாமலே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க ஆரம்பித்தாள். பிறகு அது சின்னத் துள்ளலாக மாறியது. ஒரு சட்டுக்கு ஒரு துள்ளல் அல்ல, இரண்டு துள்ளல். நடுவில் இருந்த வெறுமையை அவள் கால் நிரப்பிக்கொண்டது. அதன் பிறகு கயிற்றை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டவள் முதல் முயற்சியிலேயே பதினொன்று தாண்டினாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வளவு சட்டென்று நடக்காது. சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகிறது. ஆனால் நடுத் துள்ளல் வந்த பிறகு எண்ணிக்கை திடீரென்று ஏறுவதை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மூன்று, மூன்று, இரண்டு, நான்கு என்று தடுமாறிக்கொண்டிருந்தது ஒரேயடியாகப் பத்தைத் தாண்டும். கதையில் எண்ணிக்கையைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

உங்கள் சிறுமிக்குச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லை என்பதால், சத்தம்தான் ஆசிரியராக இருக்க வேண்டும். ஒவ்வொரு தாண்டலிலும் இரண்டு ஓசைகள் உண்டு. கயிறு தரையில் அடிக்கும் ஓசை ஒன்று, பாதம் இறங்கும் ஓசை ஒன்று. கயிறு காலடியில் போகும்போது அவள் காற்றில் இருக்க வேண்டும் என்பதால், சரியான தாண்டலில் கயிறு முதலில் கேட்கும், பாதம் பிறகு கேட்கும். முந்திக் குதித்தவளுக்குப் பாதம் முதலில் இறங்கிவிடும், கயிறு பிறகு வந்து கால் விரலில் அடிக்கும். உயரமாகத் தாண்டும்போது "சட்" என்பதற்கும் "தொப்" என்பதற்கும் இடையில் தெளிவான இடைவெளி இருக்கும், ஏனென்றால் உச்சத்திலிருந்து கீழே வர அவளுக்கு 0.17 நொடி ஆகிறது. தாண்டல் 3 சென்டிமீட்டராகக் குறையும்போது அந்த இடைவெளி 0.08 நொடியாகச் சுருங்கி, இரண்டு ஓசைகளும் கிட்டத்தட்ட ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. "தொப்" என்ற கனமான ஓசையும் மாறி, முன்பாதம் மட்டும் படும் மெல்லிய "தப்" ஆகிவிடுகிறது. தன் உயரம் குறைந்துவிட்டது அவளுக்குக் கண்ணால் தெரியாது. ஓசைகள் நெருங்கிவருவது காதில் கேட்கும். அதை அவள் கவனிப்பதாக எழுதுங்கள். வாசகருக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது.

கெண்டைக்காலை அவள் எப்படி அறிவாள்? தாண்டிக்கொண்டிருக்கும்போது அறியமாட்டாள். நன்றாகத் தாண்டும் நேரத்தில் எந்தத் தசையும் தனியாக உணர்வுக்கு வராது. களைத்து உட்கார்ந்த பிறகு, கையை எங்கே வைத்துப் பிடிக்கிறாள் என்பதில்தான் அது வெளிப்படும். முதல் நாட்களில் தொடையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குக் கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்வாள். அங்கே கல்லைப்போல் இறுகியிருக்கும். கொஞ்ச நேரத்தில் தளரும். அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கிப் பார்க்கலாம். மீன் துடிப்பதுபோல அந்தத் திரட்சி மேலேறும். குதிகாலுக்குச் சற்று மேலே இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தால், தோலுக்கு அடியில் முறுக்கிய கயிறு போன்ற ஒன்று விரல்களுக்கு நடுவே விறைத்து நிற்கும். குதிகாலை இறக்கிக் காலைத் தளர விட்டால் அது பக்கவாட்டில் அசையும். கையில் ஒரு கயிறும் காலுக்குள் ஒரு கயிறுமாக அவள் நிற்கிற அந்தக் காட்சியை நான் எழுதினால், தசைநாண் என்ற சொல்லைக் கதை முழுவதும் எங்கும் பயன்படுத்தமாட்டேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் தேவையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கெண்டைக்கால் மட்டுமே வேலை செய்கிறது, தொடைக்கு வேலையே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். தாழ்வான துள்ளலில் கணுக்கால் முன்னிலை வகிக்கிறது என்பது உறுதி. ஆனால் முழங்கால் சிறிதளவு மடங்கி, தொடைத் தசை அதைத் தாங்கிப் பிடித்தால்தான் அந்தத் துள்ளலே நடக்கும். முழங்காலை விறைப்பாக நீட்டி வைத்துத் துள்ளினால் உடல் முழுவதும் அதிரும். உயரம் கூடக்கூடத் தொடையும் பிட்டத் தசையும் அதிகமாகச் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே அவள் முதல் நாளில் தொடை கனத்ததாக உணர்ந்ததும் உண்மைதான். அதேபோல நாண் துள்ளலைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதற்காகத் தசைக்கு உழைப்பே இல்லை என்று ஆகிவிடாது. தாழ்ந்த துள்ளலில்கூடத் தரையில் இறங்கும் நேரத்தில் உடல் எடையைப்போல இரண்டு மடங்குக்கு மேலான விசை கால்களில் ஏறுகிறது. அதைத் தாங்கி விறைத்து நிற்பது தசைதான். மொத்தத் துள்ளலில் நாணின் பங்கு எவ்வளவு, தசையின் பங்கு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள், உயரத்துக்கு உயரம் மாறும். அதனால் கதையில் யாரும் ஒரு விழுக்காட்டைச் சொல்ல வேண்டாம்.

கையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் அவள் தோளிலிருந்து கையை வீசிச் சுற்றுவாள். கை விரிந்தால் கயிற்றின் அடிப்பகுதி மேலே ஏறும், கணுக்காலில் மாட்டும். தாளம் பிடித்த பிறகு முழங்கை உடலோடு ஒட்டி, மணிக்கட்டு மட்டும் சிறு வட்டம் போடும். இது காலோடு சேர்ந்தே மாறும், தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் களைப்பு வந்தால் முதலில் கெடுவதும் இதுதான். ஐம்பது தாண்டலுக்குப் பிறகு கயிறு மாட்டினால் கால் பிழைத்ததாக எழுதாதீர்கள், கை விரிந்துவிட்டதாக எழுதுங்கள்.

கிராமத்துப் பிள்ளை என்பதால் கயிறும் தரையும் கதைக்குள் வர வேண்டும். கடையில் வாங்கிய கைப்பிடிக் கயிறு அவளிடம் இருக்காது என்று வைத்துக்கொள்கிறேன். மிக மெல்லிய நைலான் கயிறு காற்றில் அலைந்து வளையத்தை இழந்துவிடும். கையால் சுற்றுவது ஒரு நேரத்திலும் கயிறு வருவது இன்னொரு நேரத்திலுமாகப் போய்விடும். அதனால் தாளம் கிடைக்காது. ஓரளவு கனமான பருத்திக் கயிறு நல்லது. தண்ணீரில் நனைத்து எடுத்தால் இன்னும் கனக்கும், கையில் அதன் இழுப்புத் தெரியும், தரையில் அடிக்கும் ஓசையும் தெளிவாகக் கேட்கும். அவள் தற்செயலாக ஈரக் கயிற்றை எடுக்கும் ஒரு காலைப்பொழுது கதையின் திருப்பமாக அமையலாம், அது உடலியல்படியும் சரி. நீளத்தை அறிய, கயிற்றின் நடுவில் ஒரு காலை வைத்து இரு முனைகளையும் மேலே இழுத்தால் அவை அக்குளுக்கு எட்ட வேண்டும். பெரியவர் பயன்படுத்தும் கயிறானால் அவளுக்கு நீளமாகத்தான் இருக்கும். கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வாள், முறுக்கு ஏறி உள்ளங்கை சிவக்கும்.

தரை இன்னும் முக்கியமானது. உதிரி மணலில் பழகுபவளுக்குத் துள்ளல் கிடைக்காது, ஏனென்றால் இறங்கும் வேகத்தை மணல் விழுங்கிவிடும், நாண் இழுபட வேண்டிய அளவுக்கு இழுபடாது. கயிறும் சத்தமில்லாமல் மணலைச் சீவிக்கொண்டு போகும். கடிகாரமும் இல்லை, வில்லும் இல்லை. கெட்டிப்பட்ட மண்தரைக்கு அவள் இடம் மாறும்போது இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. விழுந்தால் வலிக்காது என்பதற்காக மணலில் பழகிய பிள்ளை, யாரோ அங்கிருந்து விரட்டியதால் மெழுகிய தரைக்குப் போய், அங்கே முதன்முதலாகத் தன் கயிற்றின் சத்தத்தைக் கேட்கிறாள் என்று வைத்தால், காரணமும் விளைவும் தாமாகவே பொருந்திக்கொள்ளும். கருங்கல், சிமெண்டு போன்ற மிகக் கடினமான தரையில் வெறுங்காலோடு நெடுநேரம் துள்ள விட வேண்டாம், முன்பாதம் எரியும்.

குட்டித் துள்ளல் வந்த அதே நாளில் அவளை அதை விட்டுவிடச் செய்யாதீர்கள். அதுவே அடுத்த கட்டம், அதற்குச் சில நாட்கள் வேண்டும். கை பழகி வேகம் கூடும்போது, நடுத் துள்ளலுக்கு இடமில்லாமல் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று 120 சுற்றாகும். கால் துள்ளும் எண்ணிக்கை மாறாது, ஒவ்வொரு துள்ளலுக்கும் அடியில் கயிறு போகும், அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவள் இரண்டு மடங்கு வேகமாக ஆடுவதுபோலத் தோன்றும். அவளுடைய காலுக்கோ எதுவும் மாறியிருக்காது. இதைவிட விரைவாகச் சுற்று என்று ஓர் அக்கா சொல்லிப் பயந்துகொண்டே சுற்றியவள், "இது முன்னைவிடச் சுலபமா இருக்கு அக்கா" என்று சொன்னால், அந்த ஒரு வரி பொய்யாகாது.

மறுநாள் காலையை விட்டுவிடாதீர்கள். பழக்கமில்லாத கெண்டைக்காலை இறங்கும்போது இழுத்துப் பிடிக்க வைத்தால், வலி உடனே வராது; அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்குப் போகும். படுக்கையிலிருந்து எழுந்து முதல் நான்கைந்து அடி எடுத்து வைக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், குதிகாலைத் தரையில் முழுவதுமாக ஊன்ற முடியாமல் நுனிக்காலில் நடப்பாள், குத்துக்காலிட்டு உட்காரும்போது குதிகால் தானாகத் தூக்கிக்கொள்ளும். சற்று நடமாடினால் இளகும், மூன்று நான்கு நாட்களில் போய்விடும். வலி இரண்டு காலிலும் தசையின் நடுவில் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. வளரும் வயதில் குதிகால் எலும்பிலேயே வலி வந்து, குதிகாலை இரு பக்கமும் விரலால் அழுத்தும்போதும் வலித்தால், அது வேறு வகை. அங்கே வளரும் எலும்பு இழுபட்டுக்கொண்டிருக்கிறது, குதிப்பதை நிறுத்தி ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் சிறுமிக்கு முதல் வகை வலியையே கொடுங்கள். வீட்டில் யாராவது "எங்கே வலிக்குது?" என்று கேட்கட்டும். முதல் நாள் அதே கேள்விக்குத் தொடையைக் காட்டியவள், இன்றைக்குக் குனிந்து, முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாகக் கையை வைக்கட்டும்.